A எங்கே போனது?

நின்டென்டோ ஸ்விட்ச் கேம் கன்சோலில் ஓகே ஆகும் பட்டனை, எக்ஸ்பாக்ஸ் கன்சோலில் அதே இடத்தில் அழுத்தினால் பின்னால் போகிறதே, ஏன்?

கட்டைவிரல் எழுத்தைப் படிப்பதில்லை, இடத்தை நினைவில் வைக்கிறது. 1990-இல் சூப்பர் ஃபாமிகாம் கன்சோலில் நின்டென்டோ A-வை வலப்பக்கமும் B-யைக் கீழேயும் வைத்தது, ஸ்விட்ச்சிலும் அப்படியே. 2001-இல் வந்த எக்ஸ்பாக்ஸில் A கீழே, B வலப்பக்கம். ஸ்டீயரிங் பக்கம் மாறிய காரில் இண்டிகேட்டர் போடப் போய் வைப்பர் ஓடுமே, அதே தடுமாற்றம்தான்.

பிளேஸ்டேஷன் கதை வேறு, அதன் பட்டன்களில் எழுத்துக்குப் பதில் குறிகள். ஜப்பானில் வட்டம் என்றால் சரி, பெருக்கல் குறி என்றால் தவறு. அங்கே வட்டம்தான் ஓகே. மேற்கில் பெருக்கல் குறி ஓகே ஆனது. 2020-இல் PS5 ஜப்பானிலும் அதையே கொண்டுவந்தது.

ஸ்விட்ச் செட்டிங்ஸில் A, B இரண்டையும் இடம் மாற்றலாம். ஆனால் திரை பழையபடி A என்றே காட்டும். அதனால் பலர் மாற்றாமல் விரலையே பழக்குகிறார்கள்.

எக்ஸ்பாக்ஸ் A-வின் வேலையை மாற்றிவிட்டது என்பது தவறு: ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் A-தான் ஓகே.