தொளியில் இழுக்காத பவர் டில்லர்: பம்பை மாற்றுவதற்கு முன்

கேள்வி: 12 எச்.பி. டீசல் பவர் டில்லர், வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. காலையில் பத்துப் பதினைந்து தடவை ஹேண்டில் சுற்றினால்தான் ஸ்டார்ட் ஆகிறது. ரோட்டில் நன்றாகப் போகிறது. தொளியில் இறக்கினால் அரை மணி நேரத்தில் இழுவை குறைந்து அமுங்கிவிடுகிறது. கவர்னரையும் டீசல் பம்பையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போது வேண்டாம். இறக்கியதுமே இழுக்காமல் போனால் வேறு கதை. அரை மணி நேரம் இழுத்துவிட்டு அமுங்குவதைப் பார்த்தால், டீசல் வழியில் எங்கோ அடைப்பு என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அமுங்கும் நேரத்தில் புகையைப் பாருங்கள். கறுப்பாக வந்தால் டீசல் போகிறது, காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். புகையே இல்லாமல் சத்தம் மட்டும் தளர்ந்தால் டீசல் வரவில்லை, அல்லது கவர்னர் அதைத் திறந்துவிடவில்லை. எஞ்சின் சத்தம் குறையாமல் சக்கரம் மட்டும் தயங்கினால் இரண்டும் இல்லை, பெல்ட் நனைந்து வழுக்குகிறது.

டீசல் பக்கம் முதல் சந்தேகம் டேங்க் மூடி. அதில் காற்றுப் போக ஒரு சிறு துளை இருக்கும். தொளியில் தெறிக்கும் சேறு அதில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். டீசல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று புக வழியில்லாமல் ஓட்டம் மெலிந்துவிடும். இணைப்புகள் தளர்ந்திருந்தால் அந்த இழுப்பில் காற்றும் உள்ளே நுழையும். மறுநாள் காலை ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அடுத்த முறை அமுங்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய் சற்று நேரத்தில் இழுவை திரும்பினால் குற்றவாளி அகப்பட்டான். மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி, மூடியை டீசலில் கழுவினால் போதும். செலவே இல்லை.

அதில் தீரவில்லையா? காலையில் வண்டியை அசைக்காமல், டேங்கின் அடித் திருகிலிருந்து கால் லிட்டர் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். மழைக்காலத்தில் கேனிலிருந்து ஊற்றுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். பிறகு பம்புக்குள் போகும் டியூபைக் கழற்றி டீசல் காக்கைத் திறந்துவிடுங்கள். தாரையாகக் கொட்ட வேண்டும். சொட்டினால் டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். காகித ஃபில்டரைக் கழுவிப் போடுவது மிச்சமல்ல.

டியூபைக் கழற்றினால் காற்று புகுந்திருக்கும். ஏர் எடுக்கும் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று சுத்த டீசல் வரும்வரை விட்டு இறுக்குங்கள். பிறகு டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை முழுதாக வைத்து ஹேண்டிலைச் சுற்றுங்கள். நாசிலில் 'கிர்ர்' என்று சத்தம் கேட்டால் டீசல் வந்துவிட்டது என்று அர்த்தம். லிவரை விட்ட நிலையில் ஹேண்டில் எதிர்த்து நிற்காமல் லேசாகச் சுற்றினால் கம்ப்ரஷன் போயிருக்கிறது. வால்வு, ரிங் சமாச்சாரம் அது. ஏர் எடுத்துப் பயனில்லை.

கறுப்புப் புகை வருபவர்கள் எண்ணெய்க் கிண்ணமுள்ள ஏர் ஃபில்டரின் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தொளித் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. தண்ணீர் சேர்ந்து மட்டம் ஏறினால் அது கம்பி வலைக்கு ஏறி காற்றை அடைக்கும். வலையை டீசலில் அலசி, நன்றாக வடியவிட்டு, புது எஞ்சின் ஆயிலைக் கோடு வரை மட்டும் ஊற்றுங்கள். கோட்டைத் தாண்டினால் எஞ்சின் அந்த ஆயிலையே இழுத்துக்கொண்டு கட்டுப்பாடில்லாமல் ஓடக்கூடும். ஃபில்டர் இல்லாமல் உழவே கூடாது.

இனி கவர்னர். எஞ்சின் வேகம் குறையும்போது உள்ளிருக்கும் எடைகள் சுருங்கும். ஸ்பிரிங் இழுத்து டீசலைக் கூட்டும். டீசலே வராதபோது கவர்னர் என்ன செய்யும்? எஞ்சினை நிறுத்திவிட்டு, வெளியில் தெரியும் கவர்னர் லிவரைக் கையால் நகர்த்தி விடுங்கள். எங்கும் பிடிக்காமல் தானே திரும்ப வேண்டும். சேறு காய்ந்து லிவரின் ஆணி துருப்பிடித்தால் லிவர் பாதியில் நிற்கும். சுத்தம் செய்து எண்ணெய் விடுங்கள். ஸ்பிரிங் நீண்டிருக்கிறதா, சரியான துளையில்தான் மாட்டியிருக்கிறதா, ஆக்சிலேட்டரை முழுதாக வைக்கும்போது கேபிள் லிவரைக் கடைசி வரை இழுக்கிறதா என்றும் பாருங்கள். கேபிள் தளர்ந்ததைக் கவர்னர் கோளாறு என்று சொல்வது சகஜம்.

கம்பியும் ஈய முத்திரையும் போட்ட அளவுத் திருகை யாரையும் தொடவிடாதீர்கள். அதைத் திருகி டீசலைக் கூட்டினால் இரண்டு நாள் இழுப்பதுபோல் இருக்கும். பிறகு கறுப்புப் புகை, சூடு, டீசல் செலவு எல்லாம் ஏறும்.

இத்தனைக்குப் பிறகும் அமுங்கினால் முதலில் நாசிலை மட்டும் கழற்றி டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பீச்சாமல் சொட்டினால் நாசில்தான் குற்றம். அதன் விலை பம்பைவிட மிகக் குறைவு. நாசில் சரியாக இருந்தால் மட்டும் பம்பைக் கழற்றலாம். மாற்றத்தான் வேண்டும் என்றால் பாகத்தின் விலை, கூலி இரண்டையும் தனித்தனியாக எழுதிய பில் வாங்குங்கள். கழற்றிய பழைய பம்பையும் கையோடு கேட்டு வாங்கி வையுங்கள்.