ஷிஃப்டில் இருப்பவருக்கு எது சரி: டே டிரேடிங்கா, ஸ்விங்கா, நீண்டகால முதலீடா?

கேள்வி: ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில சூப்பர்வைசரா இருக்கேன். காலை 8.30லருந்து சாயங்காலம் 5.30 வரைக்கும் டியூட்டி. லைன்ல நிக்கும்போது போனை எடுக்கக் கூடாது, மதியம் சாப்பாட்டு நேரத்துல பார்க்கலாம். கையில மூணு லட்சம் இருக்கு. அதுல ஒன்றரை லட்சம் ரெண்டு வருஷத்துல தங்கச்சி கல்யாணத்துக்கு வேணும். அவசரச் செலவுக்கு 60,000 தனியா வச்சிருக்கேன். வேலூர்ல மொபைல் கடை வச்சிருக்கிற நண்பர், டே டிரேடிங் பண்ணா ஒரு லட்சத்துல தினம் ஆயிரம் எடுக்கலாம்னு சொல்றார். இன்னொருத்தர் ஸ்விங் டிரேடிங்தான் நல்லதுங்கிறார். வாங்கிப் போட்டு மறந்துடுன்னு எங்க மாமா சொல்றார். எனக்கு எது சரி?

பதில்: கல்யாணப் பணம் ஒன்றரை லட்சத்தை முதலில் தனியே எடுத்து வங்கி வைப்புத்தொகையில் போட்டுவிடுங்கள். 2020 ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் நிஃப்டி 38 சதவீதம் அளவுக்கு விழுந்தது. முகூர்த்த நேரத்தில் சந்தை அப்படிக் கிடந்தால் காத்திருக்க உங்களால் முடியாது. ஆகவே இந்த மூன்று வழிகளில் எதுவுமே அந்தப் பணத்துக்கு ஆகாது. மீதி ஒன்றரை லட்சத்தைப் பற்றிப் பேசுவோம்.

டே டிரேடிங் என்றால் அன்று வாங்கியதை அன்றே விற்றுவிட வேண்டும். சந்தை காலை 9.15 முதல் 3.30 வரை. விலை அதிகம் ஆடுவது முதல் முக்கால் மணி நேரத்தில். அப்போது நீங்கள் லைனில் நிற்பீர்கள். நேரம் கிடைத்தாலும் கணக்கு இடிக்கிறது. 500 ரூபாய் பங்கில் 200 வாங்கி அன்றே விற்பதாக வைத்துக்கொள்வோம். வாங்க 20, விற்க 20 என்று தரகு, விற்கும் தொகையில் 0.025 சதவீதம் எஸ்டிடி வரி, சந்தைக் கட்டணம், முத்திரை வரி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 80 ரூபாய் போகும். பார்க்கச் சின்னத் தொகைதான். ஆனால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறை என்று வருடத்தில் 250 நாள் செய்தால் 20,000 ரூபாய். அதாவது உங்கள் ஒரு லட்சத்துக்கு 20 சதவீதம் சம்பாதித்தால்தான் அசலுக்கே வருவீர்கள்.

"தினம் ஆயிரம்" என்பது தினம் ஒரு சதவீதம். அது எல்லா நாளும் கிடைக்காது என்பதால், தரகர் தரும் ஐந்து மடங்கு வரையிலான கடன் வசதியைத் தொடத் தோன்றும். ஒரு லட்சத்தை வைத்து ஐந்து லட்சத்துக்கு, 1,000 பங்கு வாங்கலாம். அந்தப் பங்கு 500லிருந்து 490க்கு இறங்கினால் 10,000 ரூபாய் நஷ்டம். பங்கு இறங்கியது 2 சதவீதம், உங்கள் பணத்தில் போனது 10 சதவீதம். 2 சதவீத இறக்கம் நல்ல கம்பெனிப் பங்கிலேயே சாதாரணமாக நடக்கும். 2022-23ல் இன்ட்ராடே, அதாவது டே டிரேடிங், செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டப்பட்டார்கள் என்றும், வருடத்துக்கு 500 தடவைக்கு மேல் செய்தவர்களில் 80 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்றும் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. உங்கள் டியூட்டி நேரத்துக்கு இது வேண்டவே வேண்டாம்.

ஸ்விங் டிரேடிங்கில் சில நாள் முதல் சில வாரம் வரை பங்கைக் கையில் வைத்திருப்பீர்கள். இரவு வீட்டில் அரை மணி நேரம் சார்ட் பார்த்து, மறுநாள் ஆர்டரை முன்கூட்டியே போட்டு வைத்தால் போதும். இதற்கு 50,000 ஒதுக்குங்கள். ஒரு டிரேடில் அதிகபட்சம் 1,000 ரூபாய்தான் இழக்கலாம் என்று வையுங்கள். 500க்கு வாங்கும் பங்கு 475க்கு வந்தால் விற்றுவிடுவது என்று முடிவு செய்தால், பங்குக்கு 25 ரூபாய் ரிஸ்க். 1,000ஐ 25ஆல் வகுத்தால் 40 பங்கு, அதாவது 20,000 ரூபாய்க்கு மட்டும் வாங்கலாம். கையில் 50,000 இருக்கிறதே என்று 100 பங்கு வாங்கக் கூடாது. இலக்கு 550 என்றால் லாபம் 2,000.

இப்படிப் பத்து டிரேடில் நான்கு ஜெயித்து ஆறு தோற்றால் 8,000 வரவு, 6,000 செலவு. தரகே இல்லாவிட்டாலும் ஒவ்வொன்றுக்கும் 65 ரூபாய் அளவுக்குக் கட்டணம் போகும். கையில் நிற்பது 1,350. நான்குக்குப் பதில் மூன்றுதான் ஜெயித்தது என்றால் நஷ்டம். இவ்வளவு மெல்லிய வித்தியாசத்தில்தான் இது ஓடுகிறது, அதனால்தான் தொகையைச் சின்னதாக வைக்கச் சொல்கிறேன்.

நீங்கள் போன் பார்க்க முடியாதவர் என்பதால் இரண்டு விஷயம் முக்கியம். குறிப்பிட்ட விலைக்கு இறங்கினால் விற்கச் சொல்லும் சாதாரண ஸ்டாப்லாஸ் ஆர்டர் அன்று மாலையே காலாவதியாகிவிடும். அதனால் இலக்கு, ஸ்டாப்லாஸ் இரண்டையும், அந்த விலை வரும் வரை நாள் கடந்தும் காத்திருக்கும் GTT ஆர்டராகப் போடுங்கள். கூடவே, விற்ற பங்கை உங்கள் டீமேட் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் DDPI அங்கீகாரத்தைத் தரகரிடம் முன்பே கொடுத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை விற்கவும் TPIN என்ற ரகசிய எண்ணும் ஓடிபியும் கேட்கும். நீங்கள் லைனில் நிற்கும்போது GTT தூண்டப்பட்டாலும் விற்பனை நிராகரிக்கப்பட்டுவிடும்.

இவ்வளவு செய்தும் ஸ்விங்கில் மிச்சமிருக்கும் ஆபத்து, ராத்திரியில் வருவது. மாலை 480ல் முடிந்த பங்கு கெட்ட செய்தியால் காலையில் 455ல் திறக்கலாம். GTTயில் விற்பனை விலையை 473 என்று போட்டிருந்தால் அந்த விலைக்கு ஆள் இருக்க மாட்டார்கள். ஆர்டர் நிறைவேறாமல் நிற்கும், பங்கு இன்னும் கீழே போகும். மதிய இடைவேளையில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நிறைவேறாமல் இருந்தால் கிடைக்கிற விலைக்கு விற்றுவிடுங்கள். 455க்கு விற்றால் 1,000க்குப் பதில் 1,800 நஷ்டம். கம்பெனியின் காலாண்டு முடிவு வரும் நாளுக்கு முன்பே வெளியேறிவிட்டால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

உங்கள் மாமா சொல்வதில் பாதி சரி. நீண்டகாலம் என்றால் குறைந்தது ஐந்து முதல் ஏழு வருடம். ஆனால் ஒரே கம்பெனியை வாங்கிப் போட்டு மறக்கக் கூடாது. டிஎச்எஃப்எல் என்ற வீட்டுக் கடன் கம்பெனியின் பங்கை அப்படி வைத்திருந்தவர்களுக்கு 2021ல் ஒன்றுமே மிஞ்சவில்லை. நிஃப்டியின் 50 பெரிய கம்பெனிகளையும் சேர்த்து வாங்கும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில், முகவர் கமிஷன் இல்லாத டைரக்ட் திட்டத்தில் மீதி ஒரு லட்சத்தை மாதம் 10,000 வீதம் பத்து மாதத்தில் போடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். இதிலும் 30, 40 சதவீத வீழ்ச்சி வரும். அந்த நேரத்தில் விற்காமல் இருப்பதுதான் இதில் உங்கள் உழைப்பு.

பணம் அதிகம் கரைவது இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் அல்ல, ஒன்றாகத் தொடங்கியதை இன்னொன்றாக மாற்றுவதால்தான். காலையில் MIS, அதாவது அன்றே விற்கும் ஆர்டர், என்று வாங்கிய பங்கு இறங்குகிறது; நஷ்டத்தை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் மூன்று மணிக்கு, பங்கைக் கையில் வைத்திருக்கும் வகையான CNCக்கு மாற்றுகிறார்கள். ஒரு வாரத்தில் அது 440க்கு வந்ததும் "நல்ல கம்பெனிதானே, லாங் டெர்ம்" என்கிறார்கள். ஆனால் அதை வாங்கியது அன்றைய ஆட்டத்துக்காக. கம்பெனியின் கடனையும் லாபத்தையும் பார்த்து வாங்கியதல்ல. இதைத் தடுக்க, ஸ்விங்குக்கு ஒரு டீமேட் கணக்கும் நீண்டகாலத்துக்குத் தனியாக மியூச்சுவல் ஃபண்ட் கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் அன்றே விலை, ஸ்டாப்லாஸ், வெளியேறும் கடைசித் தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்தத் தேதி வந்தால் 500க்கும் மேலே போகாமல் கிடந்தாலும் விற்றுவிடுங்கள்.

வரியிலும் மூன்றும் வேறு. 12 மாதத்துக்குள் விற்ற பங்கின் லாபத்துக்கு 20 சதவீதம். அதற்கு மேல் வைத்திருந்தால் வருடத்துக்கு 1.25 லட்சம் லாபம் வரை வரியில்லை, மிச்சத்துக்கு 12.5 சதவீதம். இன்ட்ராடே லாபம் ஊக வணிக வருமானமாகி உங்கள் சம்பளத்தோடு சேரும். அதன் நஷ்டத்தை இன்னொரு இன்ட்ராடே லாபத்தில் மட்டுமே கழிக்க முடியும். நண்பர் சொல்கிறாரே என்று ஒரே ஒரு நாள் செய்து பார்த்தாலும் அந்த வருடம் ஐடிஆர்-3 படிவம் போட வேண்டியிருக்கும்.