இரட்டை டேக்: ஆலை அலுவலகத்திலிருந்து லாரி தராசு வரை

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் செம்பனை ஆலைகளிலும் பல வருடங்களாக நெட்வொர்க் வேலை செய்கிறேன். ஒரே சுவிட்சுக்குள் வலையைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பதுதான் விலேன். ஒரு விலேனில் இருந்துகொண்டு ரூட்டரைத் தொடாமல் இன்னொரு விலேனுக்குள் நுழையும் தாக்குதல்தான் இரட்டை டேக். போன மாதம் அதைப் பற்றிப் பேசியதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பதில் சொல்ல முடிந்தவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஆலை அலுவலகத்தில் கிராணி வேலை பார்ப்பவர்: அண்ணே, எங்கள் அலுவலகம் விலேன் 1, லாரி தராசு விலேன் 20. நடுவில் ரூட்டர் தடுக்கிறது. அப்புறம் எப்படி ஒருத்தர் இங்கிருந்து அங்கே போக முடியும்?

ரூட்டர் பக்கமே போகாமல்தான் தங்கச்சி. உங்கள் ஆலையையே எடுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் ஒரு சுவிட்ச், தராசுக் கொட்டகையில் ஒரு சுவிட்ச், நடுவே ஒரு ஃபைபர். அந்த ஃபைபர்தான் ட்ரங்க். எல்லா விலேனும் அதன் வழியாகத்தான் போகிறது. எது எந்த விலேன் என்று தெரிய, தரவைச் சுமந்து போகும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் நான்கு பைட் டேக் ஒட்டப்படும். ஒரு விலேனுக்கு மட்டும் ஒட்டப்படாது. அதுதான் நேட்டிவ் விலேன். யாரும் மாற்றாவிட்டால் சிஸ்கோவில் அது 1.

உங்கள் பக்கத்து மேசையில் ஒருவன் உட்கார்ந்து, ஒரு ஃப்ரேமில் இரண்டு டேக் வைத்து அனுப்புகிறான். வெளியே 1, உள்ளே 20. அலுவலக சுவிட்ச் வெளி டேக்கை மட்டும் பார்க்கும். "1 தானே, இந்த போர்ட்டின் விலேன்தான்" என்று பல சுவிட்ச்கள் வாங்கிக்கொள்ளும். ட்ரங்க்கில் அனுப்பும்போது, நேட்டிவ் விலேனுக்கு டேக் வேண்டாம் என்ற விதிப்படி அந்த 1-ஐ உரித்துவிடும். உள்ளே இருந்த 20 இப்போது மேலே வந்துவிட்டது. தராசு சுவிட்ச் அதைப் பார்த்து, இது விலேன் 20 என்று நம்பி, தராசு கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடும்.

இரண்டு சுவிட்சும் தங்கள் விதியைச் சரியாகத்தான் பின்பற்றின. ஓட்டை எங்கே என்றால், ஆள் உட்கார்ந்திருக்கும் விலேனும் ட்ரங்க்கின் நேட்டிவ் விலேனும் ஒன்றாக இருப்பதில். இரண்டையும் பிரித்துவிட்டால் இந்த வழி அடைபடும்.

சிசிடிவி பொருத்துபவர்: எல்லா போர்ட்டிலும் `switchport mode access`, ட்ரங்க்கில் `switchport nonegotiate` போட்டாச்சு. வேலை முடிந்தது இல்லையா?

முடியவில்லை. நீங்கள் போட்டது நல்லது, எடுக்க வேண்டாம். ஆனால் அது வேறு தாக்குதலுக்கு. ஒருவன் தன் லேப்டாப்பை சுவிட்ச் மாதிரி நடிக்கவைத்து, போர்ட்டை ட்ரங்க்காக மாற்றச் சொல்லிக் கேட்பதை அது தடுக்கும். இரட்டை டேக்கில் யாரும் எதையும் கேட்பதே இல்லை. ஒரே விலேனுக்கு உரிய சாதாரண அக்சஸ் போர்ட்டில் இருந்தபடியே நடக்கும்.

ஈப்போ சாலையில் வீடு: வீட்டில் வைஃபை ராத்திரியில் ரொம்ப மெதுவாக இருக்கிறது. விலேன் போட்டால் சரியாகுமா?

ஆகாது. இணைப்பு கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஆலை டெக்னீஷியன், 24 வயது: அண்ணே, இரண்டு சுவிட்ச் வைத்து நானே சோதித்தேன். இரட்டை டேக் பிங் அனுப்பினேன், பதிலே வரவில்லை. அப்படியென்றால் நம் சுவிட்ச் பாதுகாப்புதானே?

தம்பி, முயற்சி செய்து பார்த்தீர்களே, அதுவே பெரிய விஷயம். ஆனால் பார்த்த இடம் தவறு. இந்தத் தாக்குதல் ஒருவழிப் பாதை. பிங் விலேன் 20-க்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். பதில் அனுப்பும் கம்ப்யூட்டர் இரண்டு டேக் போடாது, அதனால் பதில் அதே வழியில் திரும்பாது. பதில் வரவில்லை என்பது எதையும் நிரூபிக்கவில்லை. விலேன் 20-இல் ஒரு லேப்டாப்பை வைத்து, அதில் வந்து சேரும் ஃப்ரேம்களைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து, பிங் வந்து விழுகிறதா என்று பாருங்கள். சேரும் முகவரியை பிராட்காஸ்ட் ஆக வையுங்கள். மேக் முகவரி தெரியாமல் ஃப்ரேம் வழியில் தொலைந்ததா என்ற சந்தேகம் இருக்காது. அனுப்பும் லேப்டாப்பின் நெட்வொர்க் கார்டே டேக்கை உரித்துவிடும் வழக்கமும் உண்டு. அதனால் முதலில் தராசு சுவிட்சைக் கழற்றி, ட்ரங்க் போர்ட்டில் நேராக இன்னொரு லேப்டாப்பைச் செருகி, அலுவலக சுவிட்சிலிருந்து என்ன வெளியே வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

ஒருவழிதானே, என்ன கெடுதல் என்று அடுத்த கேள்வி வரும். பதில் எதிர்பார்க்காத கட்டளைகள் எத்தனையோ உண்டு. கருவிகளைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் எஸ்என்எம்பி யுடிபி 161-இல் ஓடுகிறது. எழுதும் கடவுச்சொல்லை `private` என்றே விட்டு வைத்திருக்கும் கருவிக்கு ஒரே ஒரு பாக்கெட் போதும், அமைப்பு மாறிவிடும். இன்னொன்றும் உண்டு. ரூட்டரில் 1-லிருந்து 20-க்குப் போவதை மட்டும் தடுத்து, 20-லிருந்து 1-க்கு வருவதைத் திறந்து வைத்திருந்தால், பதில் ரூட்டர் வழியாகவே அவனிடம் வந்து சேரும். அப்போது அது இருவழி. உங்கள் ரூட்டர் விதிகள் இரண்டு திசையிலும் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.

சிசிடிவி பொருத்துபவர், மறுபடியும்: நான் படித்த வகுப்பில் விலேன் தாவலுக்கு மருந்து `nonegotiate` என்றுதான் சொன்னார்கள். நீங்கள் மட்டும் மாற்றிச் சொல்கிறீர்கள்.

விலேன் தாவல் என்ற ஒரே பெயரில் இரண்டு தாக்குதல்களைச் சேர்த்துச் சொல்வதால் வரும் குழப்பம் இது. வகுப்பில் சொன்னது, லேப்டாப்பை சுவிட்ச் மாதிரி நடிக்கவைக்கும் தாக்குதலுக்குச் சரி. தம்பி சோதித்த அதே ஏற்பாட்டில் `nonegotiate` போட்டு, வயர்ஷார்க்கில் பாருங்கள். ஃப்ரேம் வந்து விழும். அப்புறம் பேசுவோம்.

ஓய்வுபெற்ற பொறியாளர்: இத்தனை பேச்சு எதற்கு? `vlan dot1q tag native` என்று ஒரு வரி போட்டால் நேட்டிவ் விலேனுக்கும் டேக் வந்துவிடும். உரிப்பதே இல்லை. வேறு எதுவும் வேண்டாம்.

ஐயா சொல்வது தத்துவப்படி மிகச் சரி. வெளி டேக் உரிக்கப்படாமல் 1 என்றே தராசு சுவிட்சுக்குப் போனால், ஃப்ரேம் விலேன் 1-இலேயே நின்றுவிடும். ஆனால் அந்தக் கட்டளை போட்ட பிறகு, டேக் இல்லாமல் ட்ரங்க்குக்கு வரும் சாதாரண ஃப்ரேமை சுவிட்ச் கீழே போட்டுவிடும். ட்ரங்க் போர்ட்டில் வைஃபை அக்சஸ் பாயிண்ட் மாட்டி, அதன் நிர்வாகத்தை டேக் இல்லாமல் விட்டிருக்கும் இடங்கள் நம் பக்கம் நிறைய. அங்கே இதைப் போட்ட நிமிடம் அக்சஸ் பாயிண்ட் காணாமல் போகும். எல்லா மாடலிலும் அந்தக் கட்டளை இருக்காது என்பதும் உண்டு.

ஓய்வுபெற்ற பொறியாளர்: அப்படியானால் அக்சஸ் பாயிண்ட்டைச் சரி செய்யுங்கள். பாதுகாப்பை ஏன் குறைக்க வேண்டும்?

இதில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை ஐயா. புதிதாகக் கட்டும் ஆலையில் உங்கள் வழியையே செய்வேன். ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில், காலி விலேனை நேட்டிவ் ஆக்கிவிட்டுப் பிறகு யோசிப்பேன்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்: எங்கள் பள்ளியில் இருப்பது இருநூறு வெள்ளிக்குள் வாங்கிய சுவிட்ச். நேட்டிவ் என்ற வார்த்தையே மெனுவில் இல்லை.

வார்த்தைதான் இல்லை சார், விஷயம் இருக்கிறது. PVID என்று ஒரு பக்கம் இருக்கும். டேக் இல்லாமல் வரும் ஃப்ரேம் எந்த விலேனில் சேரும் என்பதைச் சொல்லும் எண் அது. சுவிட்ச்களை இணைக்கும் போர்ட்டின் PVID-ஐ யாரும் பயன்படுத்தாத எண்ணுக்கு, உதாரணமாக 999-க்கு மாற்றுங்கள். மாணவர் விலேன், அலுவலக விலேன் எல்லாம் அந்த போர்ட்டில் Tagged என்றே இருக்கட்டும். ஒன்றுகூட Untagged ஆக நிற்கக் கூடாது. நின்றால் டேக் உரிப்பு அங்கேதான் நடக்கும்.

சில மாடல்களில் Acceptable Frame Types என்று இன்னொரு அமைப்பு உண்டு. மாணவர் போர்ட்களில் அதை Untagged Only என்று வைத்தால், டேக் ஒட்டி வரும் ஃப்ரேம் வாசலிலேயே விழுந்துவிடும். அதன் பக்கத்தில் Ingress Filtering இருக்கும். அது மட்டும் போதாது. வெளி டேக் அந்த போர்ட்டின் விலேன்தான் என்பதால் உள்ளே விட்டுவிடும். சுவிட்சின் நிர்வாகப் பக்கம் விலேன் 1-ஐ விட்டு நகராத மாடல்களும் உண்டு. அப்படியானால் மாணவர்களை விலேன் 1-லிருந்து வெளியே கொண்டுபோங்கள்.

இன்னொருவர்: விலேன் 1-ஐ அழித்துவிட்டால் போதுமா?

சிஸ்கோவில் அழிக்க முடியாது. அதில் யாரையும் வைக்காதீர்கள்.

வேறொருவர்: விலேன் வேறு வேறாக இருந்தால் எப்படித் தாவ முடியும்?

முதல் பதிலைப் படியுங்கள். அதில் ஒவ்வொரு படியும் இருக்கிறது.

அதே ஆலை டெக்னீஷியன்: சரி அண்ணே, வயர்ஷார்க்கில் பிங் வந்து விழுகிறது! இப்போது என்ன மாற்றணும், எந்த வரிசையில்?

நல்லது, இனி உங்கள் கண்ணே சாட்சி. இரண்டு சுவிட்சிலும் ட்ரங்க் போர்ட்டில் இதுதான். நிர்வாகம் விலேன் 30-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்:

```
vlan 999
interface GigabitEthernet0/24
 switchport mode trunk
 switchport trunk native vlan 999
 switchport trunk allowed vlan 10,20,30
 switchport nonegotiate
```

999-இல் ஒரு போர்ட்டும் இருக்காது, அனுமதிப் பட்டியலிலும் அது இல்லை. அலுவலகத்தாரை விலேன் 10-க்கு நகர்த்திவிடுங்கள். அப்போது ஒருவன் வெளி டேக்காக 10 போட்டாலும் அது உரிக்கப்படாமல் 10 என்றே போகும்.

வரிசைதான் முக்கியம். தூரத்து சுவிட்சை முதலில், பக்கத்து சுவிட்சைப் பிறகு. இரண்டுக்கும் நடுவே `%CDP-4-NATIVE_VLAN_MISMATCH` என்று செய்தி கொட்டும், பயப்பட வேண்டாம். இரண்டும் முடிந்த பிறகும் வந்தால் ஒரு பக்கம் தவறு. கடைசியில் `show interfaces trunk` கொடுத்து, Native vlan என்ற இடத்தில் இரண்டு பக்கமும் 999 இருக்கிறதா பாருங்கள்.

தூரத்து சுவிட்சைத் தொடும் முன் `reload in 10` கொடுங்கள். சேமிக்காதீர்கள். தவறினால் பத்து நிமிடத்தில் அதுவே பழைய நிலையில் திரும்ப எழும். சரியாக வந்தால் `reload cancel`, பிறகு சேமியுங்கள். ஒருமுறை நான் இதைச் செய்யாமல், நிர்வாகம் விலேன் 1-இல் இருந்த ஒரு சுவிட்சில் அனுமதிப் பட்டியலை எழுதினேன். பட்டியலில் 1-உம் இல்லை, அவசரத்தில் 20-உம் விட்டுப்போனது. என் இணைப்பு அறுந்தது, தராசும் நின்றது. மழையில் தோட்டத்துச் செம்மண் பாதையில் முக்கால் மணி நேரம் ஓட்டிப் போய்ச் சேர்ந்தபோது, குலை ஏற்றிய லாரிகள் கேட் வரை நின்றிருந்தன.

பின்னாளில் ஒரு விலேனைச் சேர்க்கும்போது `switchport trunk allowed vlan add 40`. அந்த `add` விட்டுப்போனால் பழைய பட்டியல் முழுவதும் போய் 40 மட்டும் நிற்கும். அப்போதும் முதலில் `reload in 10`.

சிசிடிவி பொருத்துபவர், மூன்றாம் முறை: சோதித்தேன். `nonegotiate` இருந்தும் வந்து விழுந்தது. ஆனால் இன்னொரு பிராண்ட் சுவிட்சில் விழவில்லை. அது ஏன்?

டேக் ஒட்டிய ஃப்ரேமை அக்சஸ் போர்ட்டிலேயே அது மறுத்திருக்கலாம். அல்லது உங்கள் லேப்டாப் கார்டு டேக்கை உரித்திருக்கலாம். அந்த சுவிட்சின் ட்ரங்க் போர்ட்டில் லேப்டாப்பைச் செருகி, வெளியே வருவதைப் பிடித்துப் பாருங்கள். அங்கே கிடைப்பதை வைத்துத்தான் என்னாலும் சொல்ல முடியும்.