சம்பளப் பாக்கிக்காக அந்த வேலையிலேயே தங்கியிருக்க வேண்டுமா?

கேள்வி: சிறிய நிறுவனம் ஒன்றில் கணக்கும் டெஸ்பாட்ச்சும் பார்க்கிறேன். மூன்று மாதமாகச் சம்பளம் துண்டு துண்டாக வருகிறது. கேட்டால் முதலாளி எல்லார் முன்னாலும் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார். மறுநாள் தோளில் கைபோட்டுப் பேசுகிறார். வேலையை விட்டால் பாக்கி போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்:

உங்களை அங்கே கட்டிப்போட்டிருப்பது அந்தப் பயம்தான். 2022-இல் திருப்பூரில் ஒரு பனியன் பிரிண்டிங் யூனிட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது எனக்கும் அதே பயம் இருந்தது. மாதச் சம்பளம் 18,000 ரூபாய். ஜூன் மாதச் சம்பளத்தில் 10,000 ஜூலை 20-ஆம் தேதி வந்தது. ஆகஸ்ட் பாதியில் ஒரு 5,000. அடுத்த மாதம் ஆயுத பூஜைக்கு முன்பு, 28-ஆம் தேதி, 12,000. மொத்தம் 27,000. செப்டம்பர் 30-இல் நான் வெளியே வந்தபோது, ஜூன் முதல் நான்கு மாதத்துக்கு 72,000 வந்திருக்க வேண்டும், 45,000 பாக்கி.

கணக்கு என் கையில் இருந்ததால், பணம் ஏன் வரவில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது. எங்கள் யூனிட் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்தது. பில் போட்டு 60 நாள், 90 நாள் கழித்துத்தான் பணம் வரும். சிறு நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஆனால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்று யாரும் அழுத்திக் கேட்பதில்லை. ஆகவே முதலாளிக்கு நெருக்கடி உண்மையாகவே இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த நெருக்கடியை யார் தலையில் இறக்குவது என்பதை அவர்தான் முடிவு செய்தார். டேபிளில் பிரிண்ட் போடுகிறவர்களுக்குச் சனிக்கிழமை மாலை கூலி கொடுக்காவிட்டால், திங்கட்கிழமை டேபிளில் ஆள் நிற்காது. இங்க் கடைக்காரர் பாக்கி ஏறினால் டப்பாவை இறக்க மாட்டார். கரண்ட் பில் கட்டாவிட்டால் லைனைத் துண்டிப்பார்கள். மாதச் சம்பளக்காரர்களான நாங்கள் நான்கு பேரும் பணம் வந்தாலும் வராவிட்டாலும் காலையில் ஒன்பது மணிக்கு வந்துவிடுவோம். அதனால் எங்கள் சம்பளம் எப்போதும் வரிசையில் கடைசி.

அந்தச் செப்டம்பர் 14-ஆம் தேதி ஒரு கம்பெனியிலிருந்து 3,40,000 ரூபாய் கணக்கில் வந்தது. அன்று மாலையே ஒரு பழைய மிஷினுக்கு முன்பணம் கொடுத்தார். அந்தப் பதிவை டாலியில் ஏற்றியவனே நான்தான். விரலை என்டர் பொத்தான் மேல் வைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இல்லாதவன் தராமல் இருப்பதும், இருப்பவன் நம்மைப் பின்னுக்குத் தள்ளுவதும் ஒன்றல்ல என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. நீங்களும் கணக்குப் பார்ப்பவர் என்பதால் உங்களுக்கும் இது கண்ணில் படும். பெரிய பணம் வந்த நாளில் உங்கள் பாக்கியில் ஒரு பகுதியாவது தீர்ந்ததா என்று பாருங்கள். தீரவில்லை என்றால், காத்திருந்து பயனில்லை என்றே நான் சொல்வேன்.

அடுத்தது அந்த வசவு. எங்கள் முதலாளியும் இப்படித்தான். ஒரு நாள் எல்லாருக்கும் பிரியாணி வாங்கித் தருவார். மறுநாள் டெலிவரி சலான் புத்தகத்தை முகத்துக்கு நேரே வீசி, ஹெல்ப்பர் பையன்கள் பார்க்க, பெற்றவளை இழுத்துத் திட்டுவார். எப்போது என்ன வரும் என்று தெரியாமல் வயிறு கலங்கிக்கொண்டே இருக்கும். ஆகஸ்டில் ஒரு சின்ன நோட்டு வாங்கி, திட்டு வாங்கிய நாளையும் சொன்ன வார்த்தையையும் பக்கத்தில் யார் நின்றார் என்பதையும் எழுத ஆரம்பித்தேன். இரண்டு மாதத்தில் பதினொரு பதிவுகள். அவற்றில் ஒன்பது, நான் அல்லது மற்ற மூவரில் ஒருவர் சம்பளம் கேட்ட அன்றோ மறுநாளோ நடந்தவை. அவர் குணம் நிலையற்றதாக இருக்கலாம். ஆனால் அந்த வசவுக்கு ஒரு வேலை இருந்தது. ஒரு முறை திட்டினால் அடுத்த பத்து நாளைக்கு நாங்கள் யாரும் பணப் பேச்சை எடுக்க மாட்டோம். இது தெரிந்த பிறகு, என் வேலையில்தான் ஏதோ குறை என்ற எண்ணம் என்னைவிட்டுப் போனது. அந்த எண்ணம்தான் என்னை அதிகம் அரித்துக்கொண்டிருந்தது.

அதன்பின் பணத்தைப் பற்றி வாயால் கேட்பதை விட்டுவிட்டேன். எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். மரியாதை குறையாமல், கணக்கு மட்டும். 12,000 கொடுத்த அன்று இரவு அனுப்பிய செய்தி இது: "அண்ணா, இன்று 12,000 ரூபாய் ரொக்கமாகப் பெற்றேன். இதை ஜூன் மீதி 3,000-க்கும் ஜூலை சம்பளத்தில் 9,000-க்கும் வரவு வைத்துள்ளேன். ஜூலையில் மீதி 9,000, ஆகஸ்ட் சம்பளம் 18,000." பதிலுக்கு "சரி சரி பாக்கலாம்" என்று வந்தது. அந்த மூன்று சொல்தான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

ஏனென்றால் ரொக்கமாக, எந்த மாதத்துக்கு என்று சொல்லாமல் கொடுக்கும் பணம் பின்னால் வேறு பெயர் எடுத்துக்கொள்ளும். அட்வான்ஸ் என்பார்கள், கைமாற்று என்பார்கள், போனஸ் என்பார்கள். பணம் கைக்கு வந்த அன்றே நீங்கள் அதற்குப் பெயர் வைத்து எழுதி அனுப்பிவிட வேண்டும்.

வெளியேறும் முறையில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். திட்டு வாங்கிய சூட்டில் "நாளையிலிருந்து வர மாட்டேன்" என்று கிளம்பிவிட்டால், சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான், அதனால் நஷ்டம் என்று கதை மாறும். அதைவிட மோசம், பாக்கிக்கு ஈடாகக் கம்பெனி லேப்டாப்பையோ சாவியையோ டாலி பாஸ்வேர்டையோ பிடித்து வைத்துக்கொள்வது. என்னோடு வேலை பார்த்த சூப்பர்வைசர் ஒரு மொபைல் போனைத் திருப்பித் தராமல் இருந்தார். அவர்மீது திருட்டுப் புகார் கொடுப்பேன் என்று முதலாளி மிரட்டியதில், தன் இரண்டு மாதப் பாக்கியைக் கேட்கவே அவருக்குத் துணிவு வரவில்லை. நான் சாவி, செக் புத்தகம், பில் ஃபைல்கள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஒப்படைத்து, அந்தத் தாளில் இன்னொரு ஊழியரின் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். "கணக்கு முடிந்தது" என்று ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சரை முதலாளி நீட்டினார். பணம் வந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ராஜினாமாக் கடிதத்தில் மாதவாரியாகக் கணக்கை எழுதி, ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பினேன்.

பதினைந்து நாள் பார்த்துவிட்டுத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுத்தேன். வக்கீல் வைக்கவில்லை. என்னிடம் நியமனக் கடிதம் கிடையாது; சிறிய இடங்களில் யாருக்கும் இருக்காது. இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். பாஸ்புக், முந்தைய மாதங்களில் வங்கியில் ஏறிய சம்பளம், என் கையெழுத்துள்ள சலான்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்தேன். முதல் அழைப்புக்கு முதலாளி வரவில்லை. இரண்டாம் முறை வந்து, 12,000 தீபாவளி போனஸுக்கான முன்பணம் என்றும், அவ்வளவு பாக்கி இல்லை என்றும் ஏதேதோ சொன்னார். அதிகாரி என் போனை வாங்கி அந்தச் செய்தியையும் "சரி சரி பாக்கலாம்" என்ற பதிலையும் படித்தார். அதற்குப் பிறகு பேச்சு சுருங்கிவிட்டது. நவம்பரில் 25,000, டிசம்பரில் 20,000, இரண்டும் வங்கி வழியாக வந்தன. இழப்பீடு கேட்கும் உரிமை இருந்தது. முழுப் பாக்கியும் வந்ததால் நான் அதை வற்புறுத்தவில்லை.

அப்போது இருந்தது 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டம். மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர்கள் அதில் வர மாட்டார்கள். 12 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. இதில் சம்பள வரம்பு இல்லை. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். நீங்களாகவே ராஜினாமா செய்தாலும் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும். மனுப் போட மூன்று ஆண்டு அவகாசம். பாக்கிக்கு மேல் அதன் பத்து மடங்குவரை இழப்பீடு விதிக்கலாம். சம்பளத்தைக் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. ஆனால் நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள், சம்பளம் இவ்வளவு என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே வேலையை விட்டால் பாக்கி போய்விடாது. தாள் இல்லாமல் விட்டால்தான் கஷ்டம்.

திட்டுவதற்கு மட்டும் போலீஸுக்குப் போனால் பெரும்பாலும் சமாதானம் பேசி அனுப்பிவிடுவார்கள் என்பது நான் பார்த்தது. அடிப்பேன், ஆளை வைத்துத் தூக்குவேன் என்று மிரட்டினால் தயங்காமல் புகார் கொடுங்கள். பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவரைப் பிறர் காணச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், அது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும் குற்றம். அங்கே நாள், வார்த்தை, சாட்சி எழுதிய நோட்டுக்கு மதிப்பு அதிகம்.

உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. நான்காவது மாதத்தைச் சேர விடாதீர்கள். இன்றிரவே மூன்று மாதத்துக்கும் வந்தது, வர வேண்டியது என்று கணக்குப் போட்டு அவருக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, தேதி பதிவாகிவிடும். பி.எஃப். பிடித்தம் உண்டென்றால் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள்; பிடித்த பணம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அதற்குத் தனியாக வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் புகார் செய்யலாம். வேறு வேலையை இந்த வாரமே தேடத் தொடங்குங்கள். டெஸ்பாட்ச் உங்கள் பொறுப்பில் இருப்பதால், கிளம்பும் முன் கையிருப்புச் சரக்கை எண்ணி, பதிவேட்டில் ஏற்றி, வேறொருவர் கையெழுத்தோடு ஒப்படைத்துவிட்டு, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.