1.16 லட்சம் கோடியும் வீட்டுக்கடன் தவணையும்

அன்புள்ள ஐயா,

2024 டிசம்பர் 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிக்கையைப் படித்தேன். ரொக்க இருப்பு விகிதத்தை 4.5 சதவீதத்திலிருந்து 4 ஆகக் குறைப்பதால் வங்கிகளுக்கு 1.16 லட்சம் கோடி ரூபாய் கிடைக்கும் என்றார்கள். வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கு வாங்கும் வட்டியான ரெப்போவை மட்டும் தொடவில்லை. இவ்வளவு பணத்தை வங்கிகளுக்குக் கொடுத்தும் என் வீட்டுக்கடன் தவணை ஏன் குறையவில்லை?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அது ரிசர்வ் வங்கி கொடுத்த பணம் இல்லை. நீங்களும் நானும் வங்கியில் போட்டு வைத்த பணம்தான். நூறு கோடி டெபாசிட் வைத்திருக்கும் வங்கி அதில் நாலரைக் கோடியை ரிசர்வ் வங்கியில் வட்டியில்லாமல் வைக்க வேண்டியிருந்தது. அந்தக் குறைப்புக்குப் பிறகு நாலு கோடி போதும் என்றானது. மிஞ்சிய ஐம்பது லட்சத்தை 7 சதவீதத்துக்குக் கடன் கொடுத்தால் வருடத்துக்கு மூன்றரை லட்சம் வரும். நூறு ரூபாய் டெபாசிட்டுக்குக் கணக்குப் போட்டால் மூன்றரைக் காசு. வங்கி அதை அப்படியே உங்களுக்கு விட்டுக்கொடுத்தாலும் தவணையில் தெரியாது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் மாறும் வட்டியில் கொடுத்த வீட்டுக்கடன்கள் பெரும்பாலும் ரெப்போவோடு இணைக்கப்பட்டவை. ரெப்போ 6.5 சதவீதத்திலேயே நின்றதால் உங்கள் வட்டியும் நின்றது.

அப்படியானால் எதற்குக் குறைத்தார்கள்? அறிக்கையில் இருக்கும் தேதிகளைப் பாருங்கள். கால் சதவீதம் டிசம்பர் 14 முதல், மீதிக் கால் டிசம்பர் 28 முதல். டிசம்பர் 15 அட்வான்ஸ் டாக்ஸ் கட்டக் கடைசி நாள். அதையடுத்து ஜிஎஸ்டி. கம்பெனிகள் கட்டும் வரி வங்கிக் கணக்கிலிருந்து கிளம்பி ரிசர்வ் வங்கியில் உள்ள அரசின் கணக்குக்குப் போய்விடும். அரசு செலவழிக்கும்வரை திரும்பாது. அதோடு மக்கள் கையில் ரொக்கமும் கூடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு போகும்போது ரிசர்வ் வங்கி டாலரை விற்று ரூபாயைத் தாங்கிப் பிடிக்கும். விற்ற டாலருக்கு ஈடான ரூபாய் அதன் கைக்கு வந்துவிடுவதால் வங்கிகளிடம் அவ்வளவு குறையும். அறிக்கை வரி, ரொக்கம், வெளிநாட்டு முதலீடு ஆகிய மூன்றையும் சொல்கிறது.

ரெப்போவைக் குறைக்காததற்குக் காரணம் விலைவாசி. அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 6 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. வட்டியைக் குறைக்க முடியாது, பணத்தட்டுப்பாட்டையும் விட முடியாது என்ற நிலையில் இந்த வழி வசதியானது. ரெப்போவை முடிவு செய்வது ஆறு பேர் கொண்ட நாணயக் கொள்கைக் குழு. ரொக்க இருப்பு விகிதத்துக்கு அந்தக் குழுவின் வாக்கெடுப்பு தேவையில்லை. ரிசர்வ் வங்கியே முடிவெடுக்கலாம்.

அதுவும் போதவில்லை. ஜனவரியில் தட்டுப்பாடு இன்னும் முற்றியது. மாதக் கடைசியில் அரசுப் பத்திரங்களை வாங்கியும், வங்கிகளிடமிருந்து டாலரைத் தற்காலிகமாக வாங்கி ரூபாய் கொடுத்தும் சரிக்கட்டப் போவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. உங்கள் தவணைக்கு வழி பிறந்தது 2025 பிப்ரவரி 7 அன்று, ரெப்போ 6.25 ஆனபோதுதான். உங்கள் கடன் ரெப்போவோடு இணைந்ததுதானா என்று வங்கியில் கேட்டுப் பாருங்கள். வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே வட்டி நிர்ணயிக்கும் பழைய எம்சிஎல்ஆர் கடனாக இருந்தால் அந்தக் குறைப்பு உங்களுக்கு வந்துசேர மாதங்கள் ஆகியிருக்கும்.