உயிர் போன பிறகு தசை எப்படி இறுகுகிறது?

கேள்வி: நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். தசை சுருங்க ஏடிபி என்ற சக்தி மூலக்கூறு வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது. போன மாதம் தாத்தா இறந்தபோது, உடனே வாயைக் கட்டுங்கள் என்று பாட்டி அவசரப்படுத்தினார். சாயங்காலத்துக்குள் கை கால் எல்லாம் கட்டை மாதிரி ஆகிவிட்டது. செத்த உடம்பில் ஏடிபி ஏது? அது இல்லாமல் தசை எப்படி இறுகும்? தம்பிக்கு ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறதே, அதுவும் இதுதானா?
– ஒரு மாணவி, திருவாரூர் மாவட்டம்

பதில்: தாத்தாவை நினைத்து வருந்துகிறேன் அம்மா. பாட்டி அவசரப்படுத்தியது முழுக்க சரி, ஏன் சரி என்று பின்னால் சொல்கிறேன். முதலில் உன்னைக் குழப்பிய இடத்துக்கு வருவோம். ஏடிபி வந்ததும் மயோசின் என்ற தசைப் புரதம் ஆக்டின் என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்து இழுக்கிறது என்றுதான் பெரும்பாலும் வகுப்பில் மனசில் பதிகிறது. நடப்பது நேர் எதிர். ஏடிபி வந்து ஒட்டினால்தான் மயோசின் தன் பிடியை விடும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உன் கேள்வியில் பாதி தானாக அவிழ்ந்துவிடும்.

தசைநாருக்குள் சார்கோமியர் என்ற சின்னச் சின்னக் கட்டங்கள் வரிசையாக இருக்கின்றன என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 முதல் 2.5 மைக்ரோமீட்டர் நீளம். நடுவில் மயோசினால் ஆன தடித்த இழைகள், இரண்டு ஓரங்களிலிருந்தும் உள்ளே நீளும் ஆக்டின் மெல்லிழைகள். தசை சுருங்கும்போது இந்த இழைகள் எதுவும் குட்டையாவதில்லை, மெல்லிழைகள் தடித்த இழைகளுக்கு இடையே சறுக்கி உள்ளே வருகின்றன, அவ்வளவுதான். 1954-இல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, நீடர்கெர்கே ஒரு பக்கமும், ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் இன்னொரு பக்கமுமாக, நேச்சர் இதழின் ஒரே வெளியீட்டில் இதைச் சொன்னார்கள் (இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் அல்ல). நுண்ணோக்கியில் தடித்த இழை இருக்கும் கரும்பட்டையின் அகலம் மாறவே இல்லை, பக்கத்து வெளிர்பட்டைதான் குறுகியது. சறுக்கல் என்ற முடிவு அங்கிருந்துதான் வந்தது.

சரி, எப்போது சறுக்க வேண்டும் என்று யார் சொல்வது? ஆக்டின் இழையை மணி கோத்த சரம் என்று வைத்துக்கொள். அதன் மேல் ட்ரோபோமயோசின் என்ற மெல்லிய கயிறு ஓடுகிறது. ஒரு கயிற்றுத் துண்டு ஏழு மணிகளை மறைத்துக்கொண்டு படுத்திருக்கும். அந்த மறைப்பு இருக்கும்வரை, தடித்த இழையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மயோசின் தலையால் ஆக்டினை வலுவாகப் பிடிக்க முடியாது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ட்ரோபோனின் காவல். அந்தக் காவலில் மூன்று பேர்: ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்கிறார் (டி), ஒருவர் ஆக்டினோடு ஒட்டி அதை இருந்த இடத்திலேயே அழுத்தி வைக்கிறார் (ஐ), மூன்றாமவர் கால்சியம் வருகிறதா என்று பார்த்திருக்கிறார் (சி).

நரம்பின் சமிக்ஞை தசைச் சவ்வில் மின் அலையாக ஓடி, டி-குழாய்கள் வழியாக நாருக்கு உள்ளே இறங்குகிறது. அந்தக் குழாயின் சுவரில் உள்ள ஒரு புரதம் மின்னழுத்த மாற்றத்தை உணர்ந்து வடிவம் மாறுகிறது. அதோடு தொட்டுக்கொண்டிருக்கும் சார்கோபிளாச வலையின் கதவு உடனே திறக்கிறது. கதவின் பெயர் ரயனோடின் ஏற்பி. வலைக்குள் அடைத்து வைத்திருந்த கால்சியம் வெளியே கொட்டுகிறது. ஓய்வில் இழைகளைச் சுற்றி கால்சியம் லிட்டருக்கு 0.1 மைக்ரோமோல் அளவில்தான் இருக்கும், சில மில்லி வினாடிகளில் அது பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். ட்ரோபோனின் சி கால்சியத்தைப் பிடித்ததும் ட்ரோபோனின் ஐ-யைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, அழுத்தம் விலகுகிறது, கயிறு கொஞ்சம் உருண்டு நகர்கிறது, மணிகள் வெளியே தெரிகின்றன. கவனி, கால்சியம் இழுக்கும் வேலை எதுவும் செய்யவில்லை. மறைப்பை விலக்குவதோடு அதன் வேலை முடிந்தது.

இழுப்பது மயோசின் தலை. அதன் சுழற்சியை, நான் வகுப்பில் செய்வதுபோல, பிடி விடும் இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். தலை ஆக்டினை இறுகப் பிடித்தபடி நிற்கிறது. ஏடிபி வந்து தலையில் ஒட்டுகிறது, பிடி தளர்ந்து தலை விலகுகிறது. விலகி நிற்கும்போதுதான் அந்த ஏடிபி, ஏடிபி-யாகவும் பாஸ்பேட்டாகவும் உடைகிறது என்று எழுதினால் குழம்பும், ஏனென்றால் தமிழில் ATP, ADP என்ற இரண்டு பெயரும் காதில் ஒன்றுபோல விழும். அதனால் உடைந்து மிஞ்சுவதை இரண்டு பாஸ்பேட் உள்ள துண்டு என்றே சொல்கிறேன். உடைந்த சக்தி, நாண் ஏற்றிய வில்போல, தலையை விறைப்பாக நிமிர்த்தி வைக்கிறது. துண்டு, பாஸ்பேட் இரண்டும் இன்னும் தலையிலேயே உட்கார்ந்திருக்கின்றன. அப்புறம் தலை, மறைப்பு விலகிய ஒரு மணியை லேசாகத் தொடுகிறது. பாஸ்பேட் வெளியேறும்போது பிடி இறுகி, தலை மடங்கி, மெல்லிழையை சார்கோமியரின் நடுப்பக்கமாக இழுக்கிறது. இதுதான் விசை வீச்சு. அடுத்து அந்தத் துண்டும் வெளியேறுகிறது. தலை இப்போது வெறுமையாக, மடங்கிய நிலையில், ஆக்டினை இறுகப் பிடித்தபடி நிற்கிறது. புது ஏடிபி வரும்வரை அப்படியேதான் நிற்கும்.

ஒரு வீச்சு நகர்த்தும் தூரம் ஏறக்குறைய 10 நானோமீட்டர். சார்கோமியர் 2.4-லிருந்து 2.0 மைக்ரோமீட்டராகச் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 400 நானோமீட்டர், அதாவது பக்கத்துக்கு 200. அப்படியென்றால் மெல்லிழை 20 வீச்சு தூரம் நகர வேண்டும். ஒரு தடித்த இழையில் ஏறக்குறைய 600 தலைகள் இருக்கின்றன, அவை எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்து ஒரே நேரத்தில் விட்டால் இழை பின்னால் வழுக்கிவிடும். கிணற்றில் வாளி இறைக்கும்போது ஒரு கை விடும் நேரத்தில் மறு கை பிடித்திருக்குமே, அதுபோல சில தலைகள் பிடித்திருக்க மற்றவை விட்டு அடுத்த மணிக்குத் தாவுகின்றன. பிடி விடுவது இல்லாமல் இறைப்பே இல்லை.

இதை நேரடியாகச் சோதிக்க முடியும். முயல் தசையை கிளிசரினில் ஊறவைத்தால் நாரின் சவ்வு பழுதாகி ஏடிபி, கால்சியம் எல்லாம் கரைந்து போய்விடும், இழைகள் மட்டும் ஒழுங்காக மிஞ்சும். 1940-களின் இறுதியில் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி காட்டிய வழி இது. அந்த நாரை எடுத்து இழுத்துப் பார், விறைப்பாக, இழுபடாமல் இருக்கும். ஏடிபி-யை மட்டும் சேர்த்து, கால்சியத்தைத் துளிகூட இல்லாமல் செய்தால் நார் இளகி நீள்கிறது. ஏடிபி-யோடு கால்சியமும் சேர்த்தால் சுருங்குகிறது. சுருங்கிய நாரிலிருந்து கால்சியத்தை நீக்கினால் மறுபடி இளகுகிறது, ஆனால் ஏடிபி-யை நீக்கினால் இளகாது, அப்படியே இறுகி நிற்கும். கொஞ்ச காலம் கால்சியத்தின் பங்கு சரியாகப் பிடிபடவில்லை, ஏனென்றால் கரைசல்களில் தானாகக் கலந்திருந்த சொற்ப கால்சியமே தசைக்குப் போதுமானதாக இருந்தது. அதை விடாமல் துரத்தி 1960-களில் ட்ரோபோனினைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் செட்சுரோ எபாஷி.

இனி தாத்தாவிடம் வருவோம். மூச்சு நின்ற உடனே ஏடிபி தீர்ந்துவிடுவதில்லை. தசையில் கிரியேட்டின் பாஸ்பேட் இருக்கிறது, கிளைகோஜன் இருக்கிறது, ஆக்சிஜன் இல்லாமலேயே இவை கொஞ்ச நேரம் ஏடிபி-யை ஈடுகட்டும். அதனால்தான் முதலில் உடல் துவண்டு கிடக்கிறது. கையிருப்பு தீரத் தீர இரண்டு காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன. கால்சியத்தை வலைக்குள் திருப்பி ஏற்றும் பம்பும் ஏடிபி-யில் ஓடுவதுதான், அது நின்றுபோவதால் கால்சியம் கசிந்து தேங்கி, மறைப்புகள் விலகுகின்றன, தலைகள் பிடிக்கின்றன. பிடித்த தலைகளை விடுவிக்க ஏடிபி இல்லை. கோடிக்கணக்கான தலைகள் சுழற்சியின் கடைசிப் படியில் அப்படியே மாட்டிக்கொள்கின்றன. உடல் பெரிதாகச் சுருங்குவதில்லை, எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்கிறது.

பொதுவாக 2 முதல் 4 மணி நேரத்தில், வெயில் காலத்தில் அதற்கும் முன்னாலேயே, விறைப்பு இமையிலும் தாடையிலும் தெரிய ஆரம்பிக்கும். எல்லாத் தசையிலும் ஒரே சமயத்தில்தான் தொடங்குகிறது, சின்னத் தசைகளில் சீக்கிரம் முழுமையாகிவிடுவதால் அங்கே முதலில் தெரிகிறது. வாய் திறந்தபடி தாடை பூட்டிக்கொண்டால் அப்புறம் மூட முடியாது. பாட்டிக்கு அந்த அவசரம் அனுபவத்தில் தெரிந்திருக்கிறது, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதும் இதே கணக்குதான். 12 மணி நேர அளவில் உடல் முழுக்கப் பரவும். ஒன்றரை நாள், இரண்டு நாளில் விறைப்பு விலகும். அப்போதும் ஏடிபி திரும்பி வந்துவிடவில்லை, தசையின் சொந்த நொதிகளே புரதங்களைச் சிதைத்து இழைகளின் கட்டுமானத்தை அவிழ்க்கின்றன. முழுதாக விறைத்த கையை யாராவது பலமாக மடக்கி இளக்கினால் அது மறுபடி விறைக்காததும் இதனால்தான், பிடிகள் பிய்ந்துவிட்டன, புதிதாகப் பிடிக்கத் தேவையான சுழற்சி அங்கே இல்லை. இறப்பதற்கு முன் ஓடியவர், வலிப்பு வந்தவர் உடல் சீக்கிரம் விறைக்கும், கையிருப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும்.

தம்பியின் கெண்டைக்கால் பிடிப்பு இது இல்லை. அங்கே நரம்பு தன்னிச்சையாக வேகவேகமாக உத்தரவு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதனால் கால்சியம் திரும்பத் திரும்பக் கொட்டுகிறது, தலைகள் விட்டு விட்டுப் பிடித்து முழுச் சுழற்சியில் ஓடுகின்றன, ஏடிபி தாராளமாகவே இருக்கிறது. தசையில் மெல்லிய ஊசி மின்முனை வைத்துப் பார்த்தால் பிடிப்பின்போது மின் துடிப்பு அடர்த்தியாகத் தெரியும், மரண விறைப்பில் ஒரு துடிப்பும் இருக்காது. அடுத்த முறை பிடித்தால் தம்பியின் முழங்காலை நீட்டி, பாதத்தை முழங்கால் பக்கமாக மெதுவாக மேலே தள்ளிப் பிடித்திரு. தசை நீளும்போது நரம்பின் அந்த உத்தரவு அடங்கும், பம்ப் கால்சியத்தை உள்ளே ஏற்றிவிடும், பிடிப்பு ஒரு சில நிமிடத்தில் விடும். வாரத்தில் பல இரவுகள் இப்படி வந்தாலோ, கால் பலவீனமாக இருந்தாலோ மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.