ஃபெரிட்டின் குறைந்துவிட்டது, இதயம்? தலசீமியா கேள்வி-பதில்

மகனுக்கு 9 வயது, தலசீமியா மேஜர், தொடர்ந்து ரத்தம் ஏற்றுகிறோம். உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 3,200. இரும்பை வெளியேற்ற எந்த மாத்திரை நல்லது?

எடை எத்தனை கிலோ? வருடத்துக்கு எத்தனை யூனிட் ரத்தம் ஏறுகிறது? சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு? இவற்றில் ஒன்றைக்கூட எழுதாமல் மாத்திரையின் பெயரை மட்டும் கேட்கிறீர்கள். இந்த மருந்துகள் எல்லாமே ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிட்டுத் தரப்படுபவை. ஆறு மாதத்தில் பையன் நான்கு கிலோ கூடியிருந்தால் பழைய அளவு போதாது. அந்தப் பரிசோதனையைக் காய்ச்சலின்போது எடுத்தீர்களா என்பதும் தெரியவில்லை. கிருமித் தொற்று இருந்தால் இரும்பு கூடாமலேயே ஃபெரிட்டின் ஏறும். இந்த விவரங்களோடு உங்கள் ரத்தநோய் மருத்துவரிடம் போங்கள்.

ஏற்றுவது ரத்தம்தானே? கூடுதல் இரும்பு சிறுநீரில் போய்விடாதா?

போகாது. கூடுதல் இரும்பை வெளியேற்ற நம் உடலில் வழியே இல்லை. தோல் உதிர்வதிலும் குடலின் உட்படலம் உரிவதிலும் நாளுக்கு ஒன்று, இரண்டு மில்லிகிராம் போகும், அவ்வளவுதான். ஒரு யூனிட் சிவப்பணுவில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு வருடத்தில் 25 யூனிட் ஏறினால் 5 கிராம். ஆரோக்கியமான பெரியவர் ஒருவரின் உடம்பு முழுவதும் இருக்கும் இரும்பே 4 கிராம்தான். அதனால்தான் 10 முதல் 20 முறை ரத்தம் ஏற்றியதும், அல்லது ஃபெரிட்டின் 1,000ஐத் தாண்டியதும் மருந்தைத் தொடங்குகிறோம்.

முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். சரிதானே?

வேண்டாம், பிள்ளையை வாட்டாதீர்கள். கீரையிலிருந்து உடலில் சேரும் இரும்பு, ஏற்றும் ரத்தத்தோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். நிறுத்த வேண்டியவை இரும்புச்சத்து டானிக்கும், மருத்துவர் சொல்லாமல் வாங்கும் வைட்டமின் சி மாத்திரையும். வைட்டமின் சி சேமிப்பில் கிடக்கும் இரும்பைக் கிளப்பிவிடும். அதைப் பிடிக்க மருந்து இல்லாத நேரத்தில் அது இதயத்துக்கு ஆபத்து.

மாத்திரை விலை கட்டுப்படியாகவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கலாமா?

உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் கூடாது. ரத்தத்தில் இரும்பைச் சுமந்து போகும் புரதம் டிரான்ஸ்ஃபெரின். அதில் இடம் நிரம்பியதும் மிச்ச இரும்பு எதிலும் ஒட்டாமல் அலைகிறது. தீங்கு செய்வது இந்த அலையும் இரும்புதான். மருந்து அதை இறுகப் பிடித்து, எதனோடும் வினைபுரிய விடாமல் வெளியே கொண்டுபோகிறது. ரத்தத்தில் மருந்து இருக்கும்வரைதான் இந்தக் காவல். டெஸ்ஃபெராக்ஸமின் ஊசிமருந்து அரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால்தான் சிறு பம்பில் வைத்து, தோலுக்கடியில் இரவெல்லாம் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் செலுத்துகிறோம். டெஃபெராசிராக்ஸ் மாத்திரை ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். நீங்கள் விடும் நாளில் அலையும் இரும்பு திரும்ப வந்துவிடும். அரசு மருத்துவமனையில் இந்த மாத்திரை கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். தலசீமியா பிள்ளைகளின் பெற்றோர் யாரையாவது கேட்டாலும் வழி சொல்வார்கள்.

என் மகனுக்கு 19 வயது. ஃபெரிட்டின் 1,300க்கு இறங்கிவிட்டது. படியேறினால் மூச்சு வாங்குவதில்லை, எக்கோவும் நார்மல். அப்படியிருந்தும் இதயத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். வீண் செலவுதானே?

வீண் செலவு இல்லை அம்மா. இந்தக் கேள்வி மட்டும் மாதாமாதம் வருகிறது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு ஒரு பையனின் நினைவுதான் வரும்.

அவனுக்கு 21 வயது. ஃபெரிட்டின் 1,200. கல்லீரலில் இரும்பு, உலர்எடையில் கிராமுக்கு 4 மில்லிகிராம், நல்ல அளவு. வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். இரவில் படுத்தால் நெஞ்சு படபடக்கிறது என்று அவன் சொன்னபோது, பரீட்சை பயம் என்றுதான் நினைத்தார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தோம். இரும்பு கூடக் கூடக் குறையும் டி2 ஸ்டார் என்ற அளவு, இதயத்தில் 8 மில்லிசெகண்ட் என்று வந்தது. 20க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 10க்குக் கீழே போனால் இதயம் செயலிழக்கும் ஆபத்து நெருங்கிவிட்டது என்று பொருள். மெல்ல விசாரித்தேன். 14 வயது முதல் 18 வரை பம்ப் ஊசியை அவன் போட்டுக்கொள்ளவே இல்லை. பிறகு இரண்டு வருடம் மாத்திரையை ஒழுங்காக எடுத்திருக்கிறான்.

கல்லீரல் இரும்பை முதலில் வாங்கிக்கொள்ளும், மருந்து கொடுத்தால் சில மாதங்களிலேயே விட்டும் கொடுக்கும். இதயம் அப்படியில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் கால்சியம் நுழையும் வாயில் வழியாகவே அலையும் இரும்பும் இதயத் தசைக்குள் போய்விடுகிறது. உள்ளே போனது வெளியே வர வருடங்கள் ஆகும். ஆகவே கல்லீரல் தேறி, ஃபெரிட்டின் இறங்கிய பிறகும், முன்பு விட்ட வருடங்களின் இரும்பு இதயத்தில் அப்படியே இருக்கலாம். ஃபெரிட்டின் பெரும்பாலும் கல்லீரலின் நிலையைத்தான் சொல்லும். எக்கோவில் குறை தெரியும்போது இதயம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும்.

தீங்கு நடக்கும் விதம் இரண்டு உறுப்பிலும் ஒன்றுதான். கட்டுப்படாத இரும்பு, செல்லுக்குள் இயல்பாக உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து மிகக் கொடிய மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. அவை செல்லின் சவ்வையும் மைட்டோகாண்ட்ரியாவையும் அரிக்கின்றன. கல்லீரல் செல் செத்தால் புதிது முளைக்கும். ஆனால் இது வருடக்கணக்கில் தொடர்ந்தால் தழும்பு ஏறி சிரோசிஸில் முடியும். ஹெபடைடிஸ் சி தொற்றும் இருந்தால் இன்னும் சீக்கிரம். இதயத் தசைக்கு அந்த மறுபிறப்பு அநேகமாக இல்லை. முதலில் துடிப்பின் தாளம் கெடும், பிறகு பம்ப் செய்யும் வலு போகும்.

அந்தப் பையனுக்கு டெஃபெரிப்ரோன் என்ற மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தோம். அது சிறிய மூலக்கூறு, தசைச் செல்லுக்குள் நுழைந்தே இரும்பைப் பிடிக்கும். பம்ப் ஊசியும் திரும்ப வந்தது. ஒன்றரை வருடம் கழித்து டி2 ஸ்டார் 12. எட்டிலிருந்து பன்னிரண்டுக்கு வரவே அத்தனை காலம். படபடப்பு நின்றது, ஆனால் மருந்து நிற்கவில்லை. உங்கள் மகன் இடையில் எத்தனை மாதம் மருந்தை விட்டான் என்று எழுதவில்லை. அவனைத் தனியாக உட்காரவைத்து, திட்டாமல் கேளுங்கள். எம்.ஆர்.ஐ.யை எடுத்துவிடுங்கள்.

சிறுநீர் செந்நிறமாகப் போகிறது. ரத்தமா?

என்ன மருந்து என்று எழுதியிருக்க வேண்டாமா? டெஃபெரிப்ரோன், டெஸ்ஃபெராக்ஸமின் என்றால் அது இரும்பின் நிறம். டெஃபெராசிராக்ஸ் மட்டும் எடுப்பவர் என்றால் இரும்பு மலத்தில்தான் போகும். அப்போது செந்நிறச் சிறுநீரை உடனே பரிசோதிக்க வேண்டும்.

டெஃபெரிப்ரோன் எடுக்கும் மகளுக்கு இரண்டு நாளாக 102 டிகிரி காய்ச்சல், தொண்டை வலி. பாராசிட்டமால் கொடுத்து வருகிறோம். மாத்திரையைத் தொடரலாமா?

உங்களுக்குத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். டெஃபெரிப்ரோன் எடுப்பவர்களில் நூற்றில் ஒருவர், இருவருக்கு வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகை திடீரென அற்றுப்போகும். அந்த நிலையில் சாதாரணத் தொண்டைத் தொற்றும் உயிரை வாங்கும். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்துங்கள், அன்றைக்கே ரத்த அணுக்களை எண்ணுங்கள், இரவானாலும் சரி. நியூட்ரோஃபில் 500க்குக் கீழே இருந்தால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், இந்த மருந்தை வாழ்நாளில் மறுபடி தொடக்கூடாது. எண்ணிக்கை சரியாக இருந்தால் காய்ச்சல் விட்ட பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் தொடங்கலாம்.